எந்த மொழிச் சொல்லுக்கு விலை?

"கோவையில் பம்ப் தயாரிக்கிறோம். டீலர் ஒப்பந்தம், வாரண்டி விதிகள், பயன்பாட்டுக் கையேடு மூன்றையும் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்க வேண்டும். மூன்று ஏஜென்சிகளிடம் கொட்டேஷன் கேட்டோம். தொகையும் நாளும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. எப்படிக் கேட்டிருக்க வேண்டும்?"

சொல்லுக்கு இத்தனை ரூபாய் என்று மூவரும் எழுதியிருப்பார்கள். அது ஆங்கிலச் சொல்லா, தமிழ்ச் சொல்லா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் வரும் 'The Company shall not be liable' ஆறு சொல். தமிழில் 'நிறுவனம் பொறுப்பேற்காது', இரண்டே சொல். உங்கள் மூன்று ஆவணங்களும் சேர்ந்து 12,000 ஆங்கிலச் சொற்கள், தமிழில் 9,000 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலச் சொல்லுக்கு 2 ரூபாய் என்றால் 24,000. தமிழ்ச் சொல்லுக்கு 2.50 என்றால் 22,500. குறைவாகத் தெரிந்த விலைதான் கூடுதல்! ஆங்கிலச் சொல் கணக்கிலேயே கேளுங்கள். வேலை தொடங்கும் முன்பே தொகை உறுதியாகிவிடும்.

எண்ணிக்கையை நீங்களே எடுத்துக் கொடுங்கள். வேர்டில் Review பகுதியில் உள்ள Word Count-ஐத் திறந்து, 'Include textboxes, footnotes and endnotes' என்பதில் டிக் போடுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை அது எண்ணாது. பம்ப் கையேட்டில் வயரிங் படங்களின் குறிப்புகள் விடுபட்டு, கடைசியில் ஆங்கிலத்திலேயே அச்சாவது இதனால்தான். அவற்றைக் கையால் எண்ணிச் சேருங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் மட்டும் அனுப்பினால் ஏஜென்சி குத்துமதிப்பாகத்தான் விலை சொல்லும். மூலக் கோப்பை அனுப்புங்கள்.

அடுத்தது கெடு. ஒரு மொழிபெயர்ப்பாளர் நாளைக்குச் சுமார் 2,000 சொல் செய்வார். 12,000 சொல்லுக்கு ஆறு நாள், இன்னொருவர் சரிபார்க்க இரண்டு நாள், ஆக எட்டு வேலை நாள். சட்டப் பகுதி இன்னும் மெதுவாகவே நகரும். மூன்று நாளில் தருகிறோம் என்றால் வேலையை நாலு பேருக்குப் பிரித்துக் கொடுக்கப்போகிறார்கள் என்று பொருள். அப்போது 'வாரண்டி' ஒப்பந்தத்தில் ஒரு சொல்லாகவும் கையேட்டில் வேறு சொல்லாகவும் வரும். டீலரோடு தகராறு வந்தால் அங்கேதான் இடிக்கும். அவசரமென்றால் ஒப்பந்தத்தை மட்டும் முதலில் வாங்குங்கள். அதில் முடிவான சொற்களின் பட்டியலை மற்ற இரண்டுக்கும் கொடுக்கச் சொல்லுங்கள்.

மூவருக்கும் ஒரே மடலை அனுப்புங்கள்:

"ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு, தமிழ்நாட்டு டீலர்களுக்காக. ஒப்பந்தம் 4,000 சொல், வாரண்டி 1,500, கையேடு 6,500 (படக் குறிப்புகள் உட்பட). கோப்புகள் இணைப்பில். ஆங்கிலச் சொல்லுக்கான விலை, இரண்டாமவர் சரிபார்ப்பு, கையேட்டின் பக்க வடிவமைப்பு, ஜிஎஸ்டி ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறிப்பிடவும். யூனிகோடில் வேர்டு கோப்பாக வேண்டும். ஆர்டர் உறுதியான நாளிலிருந்து ஒப்பந்தம் 4 வேலை நாளில், மற்றவை 10 வேலை நாளில். எங்கள் திருத்தங்களை ஒருமுறை சேர்த்துத் தருவது இந்த விலைக்குள் அடங்குமா?"