கமிஷன் தாளை நம்பி வீட்டை அடகு வைக்கலாமா?

பட்டர்வொர்த்திலிருந்து சென்ற மாதம் வந்த தம்பதியர், மகளைத் தனியார் மருத்துவக் கல்லூரியில் சேர்க்க வீட்டை அடகு வைக்கலாமா என்று கேட்டனர். செலவு 350,000 வெள்ளி. தந்தை ஆயுள் காப்புறுதி முகவர். "மாசம் பதினெட்டாயிரம் வருதுங்க ஐயா" என்று டிசம்பர் கமிஷன் ஸ்டேட்மென்டை நீட்டினார். குடும்பத்தில் ஒரு டாக்டர் இருந்தே ஆக வேண்டும் என்பது பெரியப்பாவின் கட்டளை. ஆறுதலாகப் பேசத் தொடங்கிய நான், தாளின் இரண்டாம் பக்கத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

அந்தப் பதினெட்டாயிரத்தில் ஏழாயிரம், மருத்துவப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்து தாமதமாக ஏற்கப்பட்ட செப்டம்பர், அக்டோபர் விற்பனைக்கு உரியது. ஆகவே இரண்டு ஆண்டு ஸ்டேட்மென்டுகளையும் கொண்டுவரச் சொல்லி, பணம் வந்த மாதத்தின்படி அல்லாமல், பாலிசி விற்ற மாதத்தின்படி வரிகளை மாற்றி அடுக்கினோம். எழுதியவள் மகள், நான் சொல்வதற்கு முன்பே கழித்தல் குறியிட்ட வரிகளைத் தனி நிரலில் பிரித்துவிட்டாள்.

அந்தக் கழித்தல் வரிகள்தாம் முக்கியம். வாடிக்கையாளர் 15 நாளுக்குள் பாலிசியைத் திருப்பினாலோ, தொடக்கக் காலத்திலேயே பிரிமியம் கட்டாமல் விட்டாலோ, கொடுத்த கமிஷனை நிறுவனம் திரும்பப் பிடித்துக்கொள்ளும். முந்தைய ஆண்டு விற்பனைக்குக் கிடைத்த 60,000 வெள்ளியில் 9,000 இவ்வாறு போயிருந்தது; அதாவது 15 விழுக்காடு. இவ்வாண்டு விற்பனைக்கான பிடித்தம் இன்னும் வரவில்லை, வரும். எனவே இவ்வாண்டின் 70,000 வெள்ளியை 59,500 என்றே கொண்டேன். முன்பு விற்ற பாலிசிகளுக்கு வாடிக்கையாளர் தொடர்ந்து பிரிமியம் கட்டுவதால் வரும் புதுப்பிப்புக் கமிஷன் 38,000. பெட்ரோல், தொலைபேசி, வாடிக்கையாளர் பரிசு, இலக்கை எட்டத் தம் பணத்திலிருந்து பிறருக்குக் கட்டிய பிரிமியம் (இதைச் சொல்லும்போது அவர் மனைவியைப் பார்க்கவில்லை) எல்லாம் சேர்த்து 22,000 கழிந்தது. மீதி 75,500, மாதம் சுமார் 6,290 வெள்ளி, அதுவும் வரிக்கு முன்.

அதிலும் ஓட்டை உண்டு. அவர் விற்ற பாலிசிகளில் கமிஷன் ஆறாம் ஆண்டோடு நின்றுவிடும். அடுத்த ஆண்டு 8,000 வெள்ளிக்கான புதுப்பிப்பு உதிர்கிறது. புதியவை நிலைத்தால்தான் அந்த இடம் நிரம்பும். நிரம்பாவிட்டால் மாதம் 5,625. குடும்பச் செலவே 4,500. அந்தக் கடனுக்கு 4.5 விழுக்காட்டு வட்டியில், 20 ஆண்டுக்கு, மாதத் தவணை 2,200க்கு மேல். முடியாது என்று நேராகவே சொன்னேன்.

பிறகு பெரியப்பா பேசாத வழியைப் பேசினோம். அரசுப் பள்ளியில் படிவம் ஆறு: மூன்று பருவம், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு, எஸ்டிபிஎம் தேர்வு. கணக்கியல் அங்கே ஒரு பாடம். மூயெட் ஆங்கிலத் தேர்வையும் எழுதி, அரசுப் பல்கலைக்கழகத்தின் கணக்கியல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டிலிருந்தே போய்வரலாம், அடகு தேவையில்லை. அவளுக்கு எது பிடிக்கும் என்று கேட்டதற்குத் தாய் பதில் சொல்ல வாயெடுத்தார். மகளே சொல்லட்டும் என்றேன். அவள் குறிப்பேட்டைத் திருப்பி, "நவம்பர்ல ரெண்டு வரி விட்டுப்போச்சு ஐயா, கூட்டிட்டுச் சொல்றேன்" என்றாள்.