பிளான் அனுமதிக்குக் கவரிங் லெட்டர் வேண்டுமா? வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நகராட்சி எல்லைக்குள் 40-க்கு 60 அடி மனை வாங்கி வைத்திருக்கிறேன். தரைத்தளம், மேலே இரண்டு தளம், மொத்தம் 3,600 சதுர அடி கட்டத் திட்டம். பத்திரத்தில் 2,400 சதுர அடி என்று இருக்கிறது, பட்டாவில் 218 சதுர மீட்டர் என்று இருக்கிறது. பிளான் போட்ட இன்ஜினியர், "கவரிங் லெட்டர் நானே அடித்துக்கொள்கிறேன், இந்த வெள்ளைத் தாளில் கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்கிறார். எல்லாம் ஆன்லைன் என்றான பிறகு கடிதம் எதற்கு? போடுவதென்றால் அதில் என்ன எழுத வேண்டும்? – வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன். முதலில் கடிதம் எதற்கு என்று பார்ப்போம்.

onlineppa.tn.gov.in தளத்தில் விண்ணப்பத்தை ஏற்றும்போது பெயர், சர்வே எண், பரப்பளவு எல்லாம் கட்டங்களில் நிரப்பப்படுகின்றன. உங்கள் காகிதங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் கடிதம் வெறும் மரியாதைதான். இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் விஷயத்தில் அவை ஒத்துப்போகவில்லை. 218 சதுர மீட்டரை 10.764-ஆல் பெருக்கிப் பாருங்கள், சுமார் 2,347 சதுர அடி வரும். பத்திரத்தைவிட 53 சதுர அடி குறைவு. இந்த வித்தியாசத்தை விளக்க விண்ணப்பத்தில் கட்டம் கிடையாது. கோப்பைத் திறக்கும் அலுவலர் இரண்டு எண்களைப் பார்ப்பார், "பரப்பளவு வேறுபாடு, விளக்கம் தேவை" என்று குறித்துத் திருப்பி அனுப்புவார். அவர் கேட்பதற்கு முன்பே அந்த விளக்கத்தைக் கோப்பில் வைப்பதுதான் கவரிங் லெட்டரின் வேலை. தனி பி.டி.எஃப். ஆக மற்ற ஆவணங்களோடு சேர்த்து ஏற்றிவிடலாம்.

கடிதத்தை எழுத உட்காருவதற்கு முன்னால் டேப்பை எடுத்துக்கொண்டு மனைக்குப் போங்கள். நான்கு பக்கமும் அளந்து, இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அகலம் 39 அடி 6 அங்குலம், நீளம் 59 அடி 6 அங்குலம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 2,350 சதுர அடி, கிட்டத்தட்ட பட்டாவின் அளவு. அப்படியானால் பிரச்சினை சின்னது. மனை விற்றவர் முழு அடியில் எழுதிவிட்டார், நில அளவையர் உள்ளதை அளந்து பதிவு செய்திருக்கிறார். பழைய மனைப்பிரிவுகளில் இது சர்வசாதாரணம்.

தரையில் அளந்தது பட்டாவைவிடக் கணிசமாகக் குறைந்தால் பக்கத்து மதிலோ சாலையோ உள்ளே வந்திருக்க வாய்ப்புண்டு. அதிகமாக வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். கூடுதலாக இருக்கும் நிலம் பக்கத்து வீட்டுக்காரருடையதாகவோ புறம்போக்காகவோ இருக்கலாம். இந்த இரண்டு நிலையிலும் கடிதம் எழுதிச் சமாளிக்க முடியாது. அரசு நில அளவையரை வைத்து எல்லையை அளக்கும் எஃப்-லைன் மனுவை முதலில் போடுங்கள், அது முடிந்த பிறகு பிளான்.

சரி, உங்கள் அளவு பட்டாவோடு ஒத்துப்போகிறது என்று வைத்து மேலே போவோம். பத்திரம், பட்டா, தரை அளவு மூன்றில் எது குறைவோ அதையே மனைப் பரப்பாக எடுத்துக்கொள்வதுதான் அனுமதி தரும் அலுவலகங்களின் வழக்கம். அதனால் நீங்களே குறைந்த அளவை ஒப்புக்கொண்டு எழுதுங்கள். பயப்பட ஒன்றும் இல்லை. சாதாரண குடியிருப்புக் கட்டடத்துக்குத் தளப் பரப்புக் குறியீடு 2, அதாவது மனைப் பரப்பைப் போல இரு மடங்கு கட்டலாம். 2,347-க்கு அது 4,694 சதுர அடி. நீங்கள் கட்டப்போவது 3,600 மட்டுமே.

உண்மையான ஆபத்து பக்க இடைவெளியில் இருக்கிறது. இன்ஜினியர் பத்திரத்தை வைத்து 40 அடி அகலத்துக்கு வரைந்து, விதிப்படி விட வேண்டிய இடத்தை மிகச் சரியாக, ஓர் அங்குலம்கூடக் கூடுதல் இல்லாமல் விட்டிருந்தால், தரையில் கட்டும்போது அந்த அரை அடி எங்கிருந்தோ குறைந்தாக வேண்டும். குறையப்போவது காலி இடம்தான். அப்போது கட்டடம் அனுமதிக்கு மாறானதாகிவிடும். எனவே கடிதத்துக்கு முன்னால் வரைபடம் 39 அடி 6 அங்குலத்துக்கு மாற வேண்டும். கடிதம் ஒன்று சொல்லி, வரைபடம் வேறு சொன்னால் கடிதமே இல்லாமல் இருப்பது மேல்.

இன்னொரு முரண்பாட்டையும் பார்த்துவிடுங்கள். நகராட்சிப் பகுதிகளில் நகர அளவை முடிந்திருந்தால் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று புது எண் இருக்கும். பத்திரத்தில் பழைய சர்வே எண்ணே நிற்கும். இரண்டும் ஒரே மனைதான் என்பதைக் கடிதத்தின் பொருள் வரியிலேயே காட்டிவிட்டால் ஒரு சந்தேகம் குறையும்.

கடிதம் இப்படி இருக்கலாம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு:

*அனுப்புநர்:* (பட்டாவில் உள்ளபடியே பெயர், தந்தை பெயர், முகவரி, உங்கள் சொந்தக் கைபேசி எண்)

*பெறுநர்:* ஆணையர் அவர்கள், … நகராட்சி.

*பொருள்:* கட்டட அனுமதி – … நகராட்சி, வார்டு 7, பிளாக் 12, நகர அளவை எண் 48 (பழைய சர்வே எண் 112/3 பகுதி), மனை எண் 23 – தரைத்தளம் மற்றும் இரண்டு மேல்தளங்கள் கொண்ட குடியிருப்புக் கட்டடம் – அனுமதி கோருதல் தொடர்பாக.

*பார்வை:* 1. கிரயப் பத்திர எண், ஆண்டு, சார் பதிவாளர் அலுவலகம். 2. மனைப்பிரிவு ஒப்புதல் எண் அல்லது வரன்முறை ஆணை எண், நாள்.

*ஐயா,*

*மேற்கண்ட மனையில் மொத்தம் 3,600 சதுர அடியில் குடியிருப்புக் கட்டடம் கட்ட அனுமதி வேண்டி இணையவழியில் விண்ணப்பித்துள்ளேன்.*

*பார்வை 1-இல் உள்ள பத்திரப்படி மனையின் பரப்பு 2,400 சதுர அடி. பட்டாப்படி 218 சதுர மீட்டர் (2,347 சதுர அடி). இடத்தில் அளந்ததில் 39 அடி 6 அங்குலம் × 59 அடி 6 அங்குலம், அதாவது 2,350 சதுர அடி உள்ளது. இவற்றில் குறைந்த அளவான 218 சதுர மீட்டரையே மனைப் பரப்பாகக் கொண்டு பரப்புக் கணக்கும், இடத்தில் உள்ள நீள அகலத்தைக் கொண்டு காலி இடங்களும் வரைபடத்தில் காட்டப்பட்டுள்ளன. பத்திரத்தில் உள்ள நான்கு எல்லைகளில் மாற்றம் இல்லை.*

*பணி இன்னும் தொடங்கப்படவில்லை. அனுமதி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.*

*இணைப்பு:* (ஏற்றியுள்ள ஆவணங்கள், அதே வரிசையில்)

அவ்வளவுதான், ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. "ஏழைக் குடும்பம், கருணை கூர்ந்து" என்றெல்லாம் எழுதும் வழக்கம் நம்மிடம் உண்டு. விதிக்குள் இருக்கும் பிளானுக்குக் கருணை தேவையில்லை. "தாங்கள் விதிக்கும் எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படுகிறேன்" என்றும் எழுதாதீர்கள். கடிதம் கோப்பிலேயே இருக்கும். பிறகு ஒரு நிபந்தனையை எதிர்த்துப் பேச வேண்டி வந்தால் அந்த வரியைத்தான் உங்களிடம் காட்டுவார்கள். "பணி தொடங்கப்படவில்லை" என்பதை உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். வானம் தோண்டி அடித்தளம் போட்டுவிட்டால் அந்த வரியை எடுத்துவிட்டு, இன்ஜினியரிடம் அதற்கான வழியைப் பேசுங்கள். இடத்தைப் பார்க்க வருபவருக்கு அது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

கடிதத்தை ஆளின் பெயருக்கு எழுதாமல் பதவிக்கு எழுதுங்கள். பேரூராட்சி என்றால் செயல் அலுவலர், கிராம ஊராட்சி என்றால் ஊராட்சி மன்றத் தலைவர், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர்.

இதே மனையில் இரண்டாம் மேல்தளத்தை விட்டுவிட்டு, தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடிக்குள் நிறுத்திக்கொண்டால் உங்களுக்கு வேறு பாதை திறக்கும். 2,500 சதுர அடி வரையுள்ள மனைகளுக்கு 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் அனுமதி உடனே கிடைக்கிறது. அங்கே உங்கள் கடிதத்தை முதலில் படித்துப் பார்க்க யாரும் இல்லை. நீங்கள் தரும் உறுதிமொழிதான் ஆதாரம். அதில் அளவு தவறாக இருந்தால் பொறுப்பு உங்கள் தலையில். ஆகவே சுயசான்றுக்குப் போனாலும் டேப் பிடிப்பதைத் தவிர்க்காதீர்கள்.

இப்போது வெற்றுத் தாள் விஷயம். உங்கள் இன்ஜினியர் நல்லவராகவே இருக்கலாம், அலைச்சலைக் குறைக்க எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தத் தாளில் என்ன ஏறும் என்பது உங்களுக்குத் தெரியாது. பரப்பு வேறுபாட்டைச் சொல்லாமல் 2,400 என்றே அடித்தால் உங்கள் கையெழுத்தோடு ஒரு தவறான தகவல் கோப்பில் உட்காரும். பின்னால் வங்கிக் கடனுக்கு வரும் மதிப்பீட்டாளர் 39 அடி 6 அங்குலம் என்று அளக்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். இன்ஜினியரிடம், "நீங்களே அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். ஒரு மணி நேர வேலை, இதற்கு மறுப்பவரிடம் பிளான் கொடுப்பதே யோசிக்க வேண்டியது.

அப்படியே காசு விஷயத்தையும் பிரித்துப் பேசிவிடுங்கள். அரசுக்கான கட்டணங்களை உங்கள் விண்ணப்பத்துக்கு வந்த தொகையைப் பார்த்து நீங்களே இணையத்தில் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளலாம். கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல வரியும் சேரும். இன்ஜினியரின் கூலி தனி. அதில் கடிதம், திருத்திய வரைபடம், கேள்வி வந்தால் பதில் எல்லாம் அடங்குமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். விண்ணப்பத்தில் அவருடைய கைபேசி எண்ணைப் போட்டுவிட்டால் திருப்பி அனுப்பிய செய்திகூட உங்களுக்கு வராது.

நேரில் கொடுக்கும்படி அலுவலகம் கேட்டால் கடிதத்தின் இரண்டு பிரதிகளைத் தபால் பிரிவில் நீட்டி, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்பினால் வாய்மொழியாக வேண்டாம், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உங்கள் பதில் கடிதத்தில் அவர்களுடைய ந.க. எண்ணை, அதாவது கோப்பின் நடப்புக் கணக்கு எண்ணை, பார்வையில் போடுங்கள். அது இல்லாத பதில் வேறொரு கோப்பில் போய்ச் சேர்ந்துவிடும். நாள் ஆகியும் அசைவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் கோப்பின் நிலையைக் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

பணம் வாங்கிய இன்ஜினியர் ஒப்புக்கொண்ட வேலையைச் செய்யாமல் விட்டாலோ, அவர் போட்ட தவறான அளவால் நஷ்டம் வந்தாலோ, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். நீங்கள் அவருக்குக் கொடுத்த கூலி 5 லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. அதற்குக் கையில் இருக்க வேண்டியவை அவருடைய ரசீதும், நீங்கள் படித்துவிட்டுக் கையெழுத்திட்ட அந்தக் கடிதத்தின் பிரதியும்.