‘நேருக்கு நேர்’ வேண்டாம்

கேள்வி: புதியவரைச் சந்தித்தால் நேருக்கு நேர் கண்ணைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அப்படியே செய்தேன். அவர் பின்வாங்கிவிட்டார். ஏன்?

பதில்: ‘நேருக்கு நேர்’ மோதுகிறவர்களுக்கான சொல். மல்யுத்தக்காரர்களும் வாதி பிரதிவாதியும்தான் நேருக்கு நேர் நிற்பார்கள். அறிமுகம் செய்துகொள்கிறவர் சற்றே தோளைத் திருப்பி நிற்க வேண்டும். அப்போதுதான் எதிரில் இருப்பவர் பார்வையை விலக்க இடம் கிடைக்கும். இந்தப் பயிற்சி வகுப்புகளோடு எனக்குள்ள பழைய வழக்கே இதுதான்: கண், சிரிப்பு, தூரம் மூன்றையும் தனித்தனிப் பாடமாக நடத்துகிறார்கள். அவை ஒரே தராசில் இருப்பவை.

உளவியல் ஆய்வாளர்களான மைக்கேல் ஆர்கைலும் ஜேனட் டீனும் 1965-லேயே இதைக் காட்டினார்கள். இருவர் நெருங்க நெருங்க, கண்ணோடு கண் பார்ப்பது தானாகக் குறைகிறது. நெருக்கம் ஒரு பக்கம் கூடினால் இன்னொரு பக்கம் குறைத்துச் சரிக்கட்டுகிறோம். நீங்கள் கிட்டேயும் போய், பார்வையையும் எடுக்காமல், சிரிப்பையும் விரித்தால் மூன்றும் ஒரே தட்டில் ஏறிவிடும். அவரால் மாற்ற முடிந்தது தூரம் ஒன்றுதான். அதனால் ஓரடி பின்னே போனார்.

அதே சந்திப்பை இப்படி நடத்திப் பாருங்கள். அறையின் மறுகோடியில் அவர் நிற்கிறார். நான்கைந்து மீட்டர் தள்ளியே கண்கள் சந்திக்கட்டும். புருவம் லேசாக உயரட்டும், தலை அசையட்டும். அதுவே முதல் வணக்கம். பிறகு நடக்கும்போது பார்வையை வழியில் வையுங்கள். வாழ்த்திக்கொள்பவர்களைப் படமெடுத்து ஆராய்ந்த ஆடம் கெண்டன், நெருங்கி வரும் வழியில் மக்கள் இயல்பாகவே பார்வையை விலக்குவதைப் பதிவு செய்திருக்கிறார். அதைக் கூச்சம் என்று திருத்துகிறவர்கள் நல்ல பழக்கத்தைக் கெடுக்கிறார்கள். ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக இடைவெளி இருக்கும்போதே நின்றுவிடுங்கள். மறுபடி கண்ணைப் பாருங்கள்; சிரிப்பு அதற்குப் பிறகு வரட்டும். முன்கூட்டியே மாட்டிக்கொண்டு வரும் சிரிப்பு யாருக்கானது என்று அவருக்குத் தெரியாது. கண்கள் சந்தித்த பின் மெல்ல விரிவது அவருக்கே உரியது.

எவ்வளவு நேரம் பார்ப்பது? லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. சராசரியாக 3.3 விநாடிப் பார்வையே அவர்களுக்கு இதமாக இருந்தது. ஆனால் அவர்கள் பார்த்தது திரையில் தெரிந்த முகத்தை. எதிரே ஆள் நிற்கையில் அதை உச்சவரம்பாக வைத்துக்கொண்டு, பெயர் சொல்லி முடித்ததும் பார்வையை நகர்த்துங்கள்.

தூரத்துக்கு மட்டும் நிலையான எண் கிடையாது. ஊருக்கு ஊர், வயதுக்கு வயது மாறும். ஆகவே முடிவை அவரிடம் விடுங்கள். அவர் ஓரடி முன்னே வந்தால் நீங்கள் அசையாமல் நில்லுங்கள். பின்னே போனால் அந்த இடைவெளியை நிரப்பப் போகாதீர்கள். பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி, பார்வையைச் சற்று இறக்குங்கள். அவர் தோள் தளர்ந்தால், நீங்கள் நிற்கும் இடம் சரி.