பள்ளி வளாக வரைபடத்தை வைத்து அளவுகோலும் திசையும் சொல்லித் தருவது எப்படி?

"ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் செ.மீ.-ஐ மீட்டராகச் சரியாக மாற்றிவிடுகிறார்கள், ஆனால் வரைபடத்தோடு வெளியே போனால் குழம்புகிறார்கள். என்ன செய்யலாம்?"

முதலில் திசையைச் சரிசெய்யுங்கள். தாளின் மேல்பக்கம்தான் தாங்கள் பார்க்கும் பக்கம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம். வரைபடத்தைத் தரையில் விரித்து, அதிலுள்ள வடக்கு அம்புக்குறி உண்மையான வடக்கைக் காட்டும்வரை தாளைத் திருப்பச் சொல்லுங்கள் (திசைகாட்டி இல்லையென்றால், காலைச் சூரியன் ஏறக்குறைய கிழக்கில்). அப்புறம் அவர்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் தாள் திரும்பக் கூடாது.

இனி அளவுகோல். 1 செ.மீ. = 10 மீ. என்று வைத்துக்கொள்வோம். வாசலிலிருந்து கிழக்கே 4 செ.மீ., அங்கிருந்து வடக்கே 3 செ.மீ. போனால் நூலகம். அப்படியானால் நடக்க வேண்டியது 40 மீ., பிறகு 30 மீ., மொத்தம் 70 மீ. ஆனால் வாசலையும் நூலகத்தையும் நேர்கோட்டில் அளந்தால் 5 செ.மீ.தான் வரும், அதாவது 50 மீ. இடையில் கட்டடம் இருந்தால் அந்த 50 மீட்டரில் யாரும் நடக்க முடியாது, அதனால் பாதையை ஒட்டி, திருப்பத்துக்குத் திருப்பம் தனித்தனியாக அளக்கப் பழக்குங்கள்.

கணக்கு சரியாக இருந்தும் தரையில் தூரம் ஒத்துவரவில்லையா? நகலெடுக்கும்போது படம் சுருங்கியிருக்கும். கோட்டு அளவுகோலையும் படத்திலேயே வரைந்துவிட்டால் அதுவும் சேர்ந்தே சுருங்கும், தூரம் மாறாது.