அட்மிஷன் குறிப்பைப் படிவமாக்கும்போது காலிக் கட்டத்தை என்ன செய்வது?

"எங்கள் வார்டில் நோயாளி சேரும்போது நர்ஸ்கள் ஒரு பக்கம் கதை போல எழுதி வைக்கிறோம். இனி நடமாட்டம், தோல், சாப்பாடு, ஆபத்துகள் என்று பிரித்த படிவம்தான் வேண்டும் என்கிறார்கள். பழைய குறிப்புகளை எடுத்து ஒரு படிவத்தில் நிரப்பிப் பார்த்தேன். பாதிக் கட்டங்களுக்குக் குறிப்பில் பதிலே இல்லை. அவற்றில் 'இல்லை' என்று போட்டுவிடலாமா?" – ஒரு வார்டு சிஸ்டர்

போடவே போடாதீர்கள். குறிப்பில் எழுதவில்லை என்றால் அதைக் கேட்கவில்லை, பார்க்கவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். நோயாளிக்கு அது இல்லை என்று அர்த்தமில்லை. கதையாக எழுதிய காலத்தில் அந்த இடைவெளி படிப்பவர் கண்ணுக்குத் தெரிந்தது. கட்டத்தில் 'இல்லை' என்று டிக் போட்டதும் அது பார்த்துச் சொன்ன பதிலாகிவிடுகிறது. அடுத்த ஷிப்டில் வருபவர் அதை நம்பி நோயாளியைத் தனியாகக் கழிவறைக்கு விடுவார்.

அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று பதில் வையுங்கள்: உண்டு, இல்லை, இன்னும் பார்க்கவில்லை. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தால் ஏன் என்று ஒரு வரியும், எத்தனை மணிக்குள் பார்ப்போம் என்பதும் எழுத வேண்டும். நேரம் இல்லாவிட்டால் அந்தப் பதில் டிஸ்சார்ஜ் வரை அப்படியே கிடக்கும்.

ஒரு குறிப்பை எடுத்துப் பார்ப்போம். நீங்கள் தினமும் பார்க்கும் வகைதான்:

"72 வயது அம்மா. மூச்சு வாங்குகிறது. ஆள் பிடித்தால் நடக்கிறார். போன மாதம் வீட்டில் வழுக்கி விழுந்தார். சரியாகச் சாப்பிடுவதில்லை, இளைத்துவிட்டார் என்கிறார் மகள். முதுகின் கீழே சிவப்பு. டிரிப் ஓடுகிறது. நினைவு தெளிவு."

விழும் ஆபத்துக்கு மோர்ஸ் அளவுகோலை எடுத்துக்கொள்வோம். அதில் ஆறு கேள்விகள்தான். அண்மையில் விழுந்திருக்கிறார், 25. டிரிப் இருக்கிறது, 20. இந்த இரண்டுக்கு மட்டும்தான் குறிப்பில் உறுதியான பதில் உண்டு. கூட்டினால் 45. எந்த எண்ணுக்கு மேல் ஆபத்து அதிகம் என்பதை அந்தந்த மருத்துவமனை வைத்துக்கொள்கிறது. 45 பல இடங்களில் புழங்கும் எண். சரி, அதுதான் வந்துவிட்டதே, மீதியில் சைபர் போட்டால் என்ன என்று தோன்றும். நாளைக் காலை டிரிப்பை எடுத்துவிடுவார்கள். கூட்டுத்தொகை 25 ஆகும். கட்டில் தலைமாட்டில் மாட்டிய எச்சரிக்கை அட்டையைக் கழற்றிவிடுவார்கள். அந்த அம்மாவின் கால் பலம் நேற்றிருந்ததைவிட ஒரு துளியும் கூடியிருக்காது.

மீதி நான்கையும் நிஜமாகக் கேட்டால் என்ன வரும்? வேறு நோய் ஏதாவது பதிவாகியிருந்தால் 15. நடக்கும்போது எதைப் பிடிக்கிறார் என்பதில் ஒரு வலை இருக்கிறது. ஆள் பிடித்து நடப்பதற்கு மோர்ஸில் சைபர்தான், ஊன்றுகோலோ வாக்கரோ என்றால் 15, மேசை நாற்காலியைப் பற்றிப் பற்றிப் போகிறவர் என்றால் 30. பகலில் நர்ஸ் கையைப் பிடிப்பவர், இரவில் யாரும் இல்லாதபோது எதைப் பிடிக்கிறார் என்று மகளிடம் கேட்க வேண்டும். நடையைக் கண்ணால் பார்த்துத்தான் 0, 10, 20 என்று போட முடியும். கடைசிக் கேள்விக்கு "நினைவு தெளிவு" என்ற வரி பதிலே அல்ல. தன்னால் எது முடியும், எது முடியாது என்று நோயாளிக்குத் தெரிகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. ஊர் பெயர், தேதி எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு, "நானே போய்க்கொள்வேன்" என்று எழுந்து விழுபவருக்கு 15. ஆக இந்தக் குறிப்பை வைத்து நேர்மையாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: 45க்குக் குறையாது, 125 வரை போகலாம். கட்டங்கள் நிரம்பாமல் கூட்டுத்தொகையைக் காட்டும் படிவத்தை ஏற்காதீர்கள்.

நடமாட்டப் பகுதிக்கு "ஆள் பிடித்தால் நடக்கிறார்" என்பது போதாது. படுக்கையில் புரளுவது, எழுந்து உட்காருவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது என நான்காகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் தானாக, ஒரு ஆள், இரண்டு ஆள், முடியாது, பார்க்கவில்லை. பக்கத்திலேயே "நோய் வருவதற்கு முன்" என்று இன்னொரு வரிசை இருக்கட்டும். போன வாரம் வரை தானாக நடந்தவருக்கும், இரண்டு வருடமாகக் கட்டிலில் இருப்பவருக்கும் இன்று ஒரே பதில் வரலாம், ஆனால் கவனிப்பு ஒன்றல்ல.

சாப்பாட்டுக்கு "இளைத்துவிட்டார்" என்பதை மூன்று எண்களாக மாற்ற வேண்டும்: இன்றைய எடை, ஆறு மாதத்துக்குள் முன்பிருந்த எடை, உயரம். இந்த அம்மாவைத் திரும்பக் கேட்டு அளந்தோம் என்று வையுங்கள். இப்போது 46 கிலோ, முன்பு 52, உயரம் 152 செ.மீ. குறைந்தது 6 கிலோ, அதாவது பழைய எடையில் 11.5 சதவீதம். மஸ்ட் என்ற சத்துக்குறைவு அளவுகோலில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் 2. உடல் நிறைக் குறியீடு 19.9 வருகிறது, 18.5க்கும் 20க்கும் நடுவில் என்பதால் 1. மொத்தம் 3. இரண்டு வந்தாலே அதிக ஆபத்து, டயட்டீஷியனைக் கூப்பிட வேண்டும். அந்தக் குறியீட்டை மட்டும் பார்த்திருந்தால் 19.9 பெரிய விஷயமாகவே தெரிந்திருக்காது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 'அளந்தது' அல்லது 'சொன்னது' என்று ஒரு சின்னக் கட்டம் வேண்டும். நிற்க முடியாதவருக்கு முழங்கை முனையிலிருந்து மணிக்கட்டில் துருத்தும் எலும்பு வரை அளந்து, அதற்கான அட்டவணையில் உயரத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

தோல் பகுதியில்தான் எனக்குப் பொறுமை போகிறது. கடைகளில் விற்கும் படிவங்களில் "தோல்: இயல்பு" என்று முன்பே டிக் போட்டு வருகிறது. ஒரு மருத்துவமனையில் பழைய பதிவேடுகளைச் சரிபார்க்கப் போயிருந்தேன். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்ட ஒருவரின் படிவத்தில் "இரு குதிகாலும் இயல்பு" என்று இருந்தது, கையெழுத்தோடு. அந்த நர்ஸைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே ஷிப்டில் எட்டு அட்மிஷன், ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கம், தணிக்கைக்கு வருபவர் எண்ணுவதோ நிரம்பிய கட்டங்களை. போர்வையை விலக்கிப் பார்த்தார்களா என்று யாரும் கேட்பதில்லை. முன்பே டிக் போட்ட கட்டம் ஒன்றுகூட உங்கள் படிவத்தில் இருக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

"முதுகின் கீழே சிவப்பு" என்பதற்கு எந்த இடம், எத்தனை செ.மீ. நீளம் அகலம், தோல் கிழிந்திருக்கிறதா, அழுத்தினால் வெளுக்கிறதா என்று கேளுங்கள். விரலால் சில வினாடி அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவக்கும் தோலில் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்கவே இல்லை, தோலும் கிழியவில்லை என்றால் அது முதல் நிலைப் படுக்கைப் புண். சேர்ந்த நேரமும் பார்த்த நேரமும் இரண்டும் எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டிலிருந்தே வந்த புண் மூன்றாம் நாள் உங்கள் வார்டில் வந்த புண்ணாகக் கணக்கில் ஏறும்.

இங்கே ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் படிவம் செய்பவர்கள் எல்லோரும் இதைத் தவறவிடுகிறார்கள். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. அழுத்தினால் வெளுப்பதும் தெரியாது. "சிவப்பு உண்டா?" என்று மட்டும் கேட்கும் படிவத்தில் கருத்த தோலுள்ள நோயாளிக்கு எப்போதும் "இல்லை" என்றுதான் பதில் வரும், பிறகு ஒரு நாள் தோல் உடைந்த பிறகுதான் புண் பதிவாகும். அதனால் கேள்வியையே மாற்றுங்கள்: பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டால் நிறம் வேறாக, கருநீலமாகவோ இன்னும் கறுத்தோ இருக்கிறதா? புறங்கையால் தொட்டால் சூடா, குளிர்ச்சியா? விரலுக்குக் கல் போலவா, சேறு போல மெத்தென்றா? அந்த இடத்தில் வலிக்கிறது என்கிறாரா? நல்ல வெளிச்சத்தில் பார்த்தீர்களா என்பதையும் சேருங்கள். இந்தக் கேள்விகள் எந்த நிறத் தோலுக்கும் பொருந்தும், அதனால் தனிப் படிவம் தேவையில்லை. அப்புறம், காலுறையைக் கழற்றிக் குதிகாலையும், ஆக்சிஜன் குழாய் உரசும் காதின் பின்புறத்தையும் இடப் பட்டியலில் பெயர் சொல்லி எழுதுங்கள். பெயர் இல்லாத இடத்தை யாரும் பார்ப்பதில்லை.

இனி ஒரு எச்சரிக்கை. உங்கள் நிர்வாகம் படிவத்துக்கு ஆள் தேடினால் இரண்டு வகையினர் வருவார்கள். ஒருவர் தரச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று இருநூறு கட்டங்கள் உள்ள படிவத்தை விற்பார். வேறு மருத்துவமனைக்குச் செய்ததில் பெயரை மட்டும் மாற்றியிருப்பார். இன்னொருவர் மென்பொருள் விற்பவர். எல்லா அளவுகோலையும் கூட்டி ஒரே "ஆபத்து எண்" காட்டுகிறோம் என்பார். அவரை உடனே நிறுத்துங்கள். படுக்கைப் புண்ணுக்கான பிரேடன் அளவுகோல் 6 முதல் 23 வரை, அதில் எண் குறையக் குறைய ஆபத்து கூடுகிறது, 18 அல்லது அதற்குக் கீழே வந்தால் கவனிக்க வேண்டும். மோர்ஸும் மஸ்ட்டும் நேர் எதிர், எண் கூடக் கூட ஆபத்து. இவற்றைக் கூட்டினால் மோசமான தோலும் மோசமான நடையும் ஒன்றையொன்று மறைத்து, நடுவாந்திரமாக ஒரு எண் வரும். ஒவ்வொரு அளவுகோலும் தனித்தனியாக, எந்தப் பக்கம் ஆபத்து என்று பக்கத்தில் எழுதி நிற்கட்டும். "நேற்றைய பதிவை நகலெடு" என்ற பொத்தான் வேண்டாம் என்றும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கதையாக எழுதும் இடத்தையும் முழுக்க எடுத்துவிடாதீர்கள். கடைசியில் ஆறு வரிக்கு இடம் விடுங்கள். "இரவில் கழிவறைக்குப் போக யாரையும் எழுப்பக் கூச்சப்படுவார் என்கிறார் மகள்" என்பதற்கு எந்தக் கட்டமும் கிடையாது. அந்த அம்மா விழப்போவது அந்த நேரத்தில்தான்.

படிவம் தயாரானதும் அச்சுக்குக் கொடுக்கும் முன், பத்துப் புதிய அட்மிஷன்களை இரண்டு நர்ஸ்கள் தனித்தனியாக, ஒருவர் பதிலை ஒருவர் பார்க்காமல் நிரப்பட்டும். இருவர் பதிலும் அடிக்கடி வேறுபடும் கேள்வியின் வாசகம் தெளிவாக இல்லை, அதை மாற்றி எழுதுங்கள். இருவரும் "பார்க்கவில்லை" என்றே போட்டிருக்கும் கேள்விக்கு ஏன் என்று அவர்களையே கேளுங்கள். எடை பார்க்கும் கருவி வார்டில் இல்லை என்பார்கள், அல்லது புரட்டிப் பார்க்க இரண்டாவது ஆள் இல்லை என்பார்கள். அந்தப் பதில்களை எழுதிப் படிவத்தோடு சேர்த்தே நிர்வாகத்திடம் கொடுங்கள்.