எஃப் கார்டு கரகரக்கிறதா? கேள்வி பதில்

"சார், கிட்டாரில் எஃப் கார்டு பிடித்தால் இரண்டாம் கம்பி மட்டும் 'டப்' என்று செத்துவிடுகிறது. மூன்று மாதமாக அழுத்தி அழுத்தி விரல் தடித்ததுதான் மிச்சம்."

இன்னும் அழுத்தாதீர்கள். தடித்த ஆறாம் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டி, காதால் பிரித்துப் பாருங்கள். 'டப்' என்றால் கம்பி சதையிலோ விரல் மடிப்பின் பள்ளத்திலோ புதைந்திருக்கிறது. 'கரகர' என்றால் அழுத்தம் போதவில்லை, அல்லது விரல், கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் பட்டையிலிருந்து தள்ளி நிற்கிறது. உங்களுடையது முதல் வகை.

எஃப் கார்டில் ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் பிடிக்க வேண்டியதே இல்லை. 5, 4, 3 ஆகியவற்றை மற்ற மூன்று விரல்கள் பார்த்துக்கொள்ளும். அதற்கு மிஞ்சுவது 6, 2, 1 மட்டும். நடுப்பகுதி தளர்ந்திருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கும் இதே சிக்கல். பக்கவாட்டில் குனிந்து பார்த்தால், விரல் மடிப்பு சரியாக இரண்டாம் கம்பியின் மேல். முதல் ஃப்ரெட்டில் கம்பிக்குக் கம்பி 7 மில்லிமீட்டர் போலத்தான் இடைவெளி. விரலை 3, 4 மில்லிமீட்டர் மேலே ஏற்றச் சொன்னேன். நுனி கழுத்தின் விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிக்கொண்டது, மடிப்பு 2க்கும் 3க்கும் நடுவே போய்விட்டது. அப்புறம் விரலை, கழுத்தின் தலைமாட்டில் கம்பிகளைத் தாங்கும் நட் பக்கமாக லேசாக உருட்டி, எலும்பு தட்டுப்படும் ஓரத்தைக் கம்பியில் வைத்தாள். சத்தம் வந்துவிட்டது. பலம் கூட்டவே இல்லை.

"ஃப்ரெட் பட்டை மேலேயே விரலை வைத்தால் நல்லது என்கிறார்களே?"

பாதி சரி. பட்டையை ஒட்டி வைக்க வேண்டும், மேலே ஏறிவிட்டால் சத்தம் மங்கிவிடும். ஒரே விரலால் ஒரே கம்பியை ஃப்ரெட்டின் நடுவில் மெதுவாகப் பிடியுங்கள், கரகரக்கும். அதே அழுத்தத்தோடு பட்டை நோக்கி நகர்த்துங்கள், ஓரிடத்தில் சட்டென்று தெளியும். அதுதான் உங்கள் இடம். எஃப் மாதிரி ஒரே விரலைக் குறுக்கே படுக்கவைத்துப் பிடிக்கும் பேர் கார்டில் விரல் சாய்ந்துபோவதுதான் வழக்கமான கோளாறு. முதல் கம்பியிடம் பட்டையை ஒட்டியிருக்கும், ஆறாம் கம்பியிடம் அரை ஃப்ரெட் பின்வாங்கியிருக்கும். தடித்த கம்பி மட்டும் கரகரத்தால் முதலில் இதைப் பாருங்கள்.

"அண்ணா, பத்து நிமிடத்தில் கட்டைவிரலின் அடி வலிக்கிறது. வலிக்க வலிக்கத்தான் பழகும் என்கிறான் நண்பன்."

நண்பன் சொல்வதைக் கேட்காதீங்க தம்பி. நீங்கள் கழுத்தை இடுக்கி மாதிரி பிடிக்கிறீர்கள். கட்டைவிரல் கழுத்தின் பின்பக்கம் நடுவில், ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நேர் எதிரே, சதைப்பக்கம் பட இருக்கட்டும். பிறகு அதை எடுத்தே விடுங்கள். வலது முன்கையால் கிட்டாரின் உடலை நெஞ்சோடு அணைத்து, இடது முழங்கையைப் பின்னால் இழுத்தபடி எஃப் வாசியுங்கள். முழுசாக வராது, ஆனால் பலம் தோளிலிருந்து வருவது புரியும். இனி கட்டைவிரல் சும்மா தாங்கினால் போதும். கையை எடுத்த பிறகும் மரத்துப்போனது தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள்.

"என் ஆம்பிலிருந்து சும்மா இருக்கும்போதே 'உர்ர்' என்று வருகிறது. கட்டைவிரலை மாற்றினால் போகுமா?"

அது வேறு சங்கதி. கேபிளை மாற்றிப் பாருங்கள், பிளக்கில் எர்த் இருக்கிறதா பாருங்கள்.

"ஐந்தாவது ஃப்ரெட்டில் எனக்கு பேர் சுத்தமாக வருகிறது. முதல் ஃப்ரெட்டில் மட்டும் வரவே வராது. கிட்டார் மலிவானது."

அப்படியானால் குற்றம் கையில் இல்லாமலும் இருக்கலாம். ஒரு கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட் பட்டைக்கும் கம்பிக்கும் நடுவே பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி போதும். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தால் நட் உயரம் அதிகம். நீங்களே அரத்தை எடுக்காதீர்கள். நட்டில் கம்பி உட்காரும் குழி ஆழமாகிவிட்டால் திறந்த கம்பியே கரகரக்கும். ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதுவரை எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்பான கேப்போவை முதல் ஃப்ரெட்டில் மாட்டி, இரண்டாவதில் பிடித்துப் பழகலாம்.

"ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கட்டைவிரலை மேலே வளைத்து ஆறாம் கம்பியைப் பிடித்தாரே. அவர் செய்தது தப்பா?"

இல்லை. அவருக்குக் கை பெரிது, விரல்கள் நீளம். அந்தப் பிடியில் ஆள்காட்டி விரலுக்கு 1, 2 மட்டுமே வேலை. எனக்கு அகலமான கழுத்துள்ள நைலான் கம்பிக் கிட்டாரில் கட்டைவிரல் எட்டவே எட்டாது. எலக்ட்ரிக்கில் நானே சில நேரம் அப்படிப் பிடிப்பேன். முதலிலேயே சொல்லிக்கொடுக்கலாமா என்று என் வாத்தியாருக்கும் எனக்கும் இன்றுவரை தகராறுதான்.