ராஜினாமா ஏற்புக் கடிதத்தில் எதையெல்லாம் எழுதியே ஆக வேண்டும்?

"எங்கள் கம்பெனி சூப்பர்வைசர் ராஜினாமா கொடுத்திருக்கிறார். நோட்டீஸில் பாதியை விட்டுக்கொடுத்து அனுப்ப முதலாளி சம்மதித்துவிட்டார். ஏற்புக் கடிதம் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எப்படி எழுதுவது?"

கோவைப் பக்கம் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் பணியாளர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். முதலில் அவருடைய நியமனக் கடிதத்தை எடுத்து, நோட்டீஸ் எத்தனை நாள் என்று பாருங்கள். உங்கள் கடிதத்தின் கணக்கு முழுக்க அந்த ஒரு வரியிலிருந்துதான் வரும்.

எங்களிடம் வந்த ஒன்றைச் சொல்கிறேன். நோட்டீஸ் 60 நாள். அவர் ராஜினாமா கொடுத்தது 2025 மார்ச் 3. மறுநாளிலிருந்து எண்ணினால் 60-வது நாள் மே 2. மாத முடிவில் கிளம்புகிறேன் என்றார். ஆனால் மார்ச் 31 ரம்ஜான் விடுமுறை. ஸ்டோரும் அக்கவுண்ட்ஸும் பூட்டியிருக்கும், கையெழுத்துப் போட ஆள் இருக்காது. பேசி ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை என்று முடிவு செய்தோம். ஆக, வேலை பார்த்தது 32 நாள், விட்டுக்கொடுத்தது 28 நாள்.

அந்த 28 நாளைப் பற்றித்தான் கடிதத்தில் தெளிவு வேண்டும். "நோட்டீஸ் தள்ளுபடி செய்யப்படுகிறது" என்று மட்டும் எழுதினால் அவர் ஒன்று நினைப்பார், அக்கவுண்ட்ஸ் இன்னொன்று நினைக்கும். சம்பள மென்பொருள் குறைந்த நாட்களைக் கண்டதும் பிடித்தம் போடும்படி அமைக்கப்பட்டிருந்தால், அடிப்படைச் சம்பளம் 30,000 வாங்குகிறவருக்கு 28,000 ரூபாய் போய்விடும். அவரோ அந்த நாட்களுக்கும் சம்பளம் வரும் என்று காத்திருக்கலாம். எனவே பிடித்தம் இல்லை, சம்பளமும் இல்லை என்று இரண்டையும் எழுதுங்கள். மிச்சமிருக்கும் ஈட்டிய விடுப்பை நோட்டீஸில் கழிப்பது வேறு, தள்ளுபடி வேறு. எது நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நாங்கள் கொடுத்த கடிதம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"தாங்கள் 03.03.2025 அன்று அளித்த ராஜினாமா ஏற்றுக்கொள்ளப்படுகிறது. தங்களின் கடைசி வேலை நாள் 04.04.2025. தங்கள் கோரிக்கையை ஏற்று, 05.04.2025 முதல் 02.05.2025 வரையிலான 28 நாள் நோட்டீஸ் தள்ளுபடி செய்யப்படுகிறது. இந்நாட்களுக்காகத் தங்களிடம் பிடித்தம் எதுவும் செய்யப்படாது, ஊதியமும் வழங்கப்படாது. மீதமுள்ள ஈட்டிய விடுப்பு இதில் கழிக்கப்படாமல் பணமாக வழங்கப்படும். 02.04.2025-க்குள் பொறுப்புகளை ஒப்படைத்து, இணைப்பிலுள்ள நோ-டியூஸ் படிவத்தில் உற்பத்தி, ஸ்டோர், கணினிப் பிரிவு, அக்கவுண்ட்ஸ் ஆகியவற்றின் கையெழுத்துகளைப் பெறவும். அடையாள அட்டையைக் கடைசி நாளில் ஒப்படைக்கவும்."

"தங்கள் கோரிக்கையை ஏற்று" என்பதை விட்டுவிடாதீர்கள். பின்னாளில் கம்பெனிதான் முன்கூட்டியே அனுப்பிவிட்டது என்ற பேச்சு வந்தால் இதுதான் நிற்கும். சீக்கிரம் விடச் சொல்லி அவர் எழுதிக் கேட்ட மின்னஞ்சலையும் கோப்பில் சேர்த்து வையுங்கள்.

பல மாதிரிக் கடிதங்களில் "நோ-டியூஸ் முடிந்த பின்பே விடுவிக்கப்படுவீர்கள்" என்று இருக்கும். எனக்கு அது பிடிக்காது. ஸ்டோர்காரர் இரண்டு நாள் லீவு போட்டால் கடைசி வேலை நாளே நகர்ந்துவிடும். ஏற்புக் கடிதத்தில் ஒரு தேதி, ரிலீவிங் லெட்டரில் ஒரு தேதி, பி.எஃப். தளத்தில் ஏற்றிய விலகல் தேதி வேறொன்று என்று ஆனால், புதிய கம்பெனி சரிபார்க்கும்போது அவர்தான் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். நாளை உறுதியாக வைத்துவிட்டு, ரிலீவிங் லெட்டரை மட்டும் நோ-டியூஸோடு கட்டுங்கள்.

கையெழுத்துகளைக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே முடிக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. லேப்டாப் சார்ஜர் காணோம், முன்பணத்துக்கு பில் வரவில்லை என்பதெல்லாம் படிவத்தைச் சுற்றவிட்ட பிறகுதான் வெளியே வரும். இப்போது அவசரமும் கூடிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடப்பிலிருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்கும் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்கச் சொல்கிறது. செட்டில்மென்டுக்கு 45 நாள் என்று எழுதிய பழைய மாதிரி உங்களிடம் இருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். கிராஜுவிட்டி அவருக்கு உண்டென்றால் அதற்கு 30 நாள் தனிக் கணக்கு.

தள்ளுபடிக்கு அதிகாரம் உள்ளவரே கையெழுத்துப் போட வேண்டும். முதலாளி வாயால் சொன்னது போதாது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.